உம்மாட கார்ட்டில் எவ்வளவு மிச்சம்?



சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற சில குடும்பங்கள் எங்களிடம் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "டீச்சர், அங்க பஸ்ஸிலயும் ரயில்லயும் காசு குடுக்கிறல்லயாம், கார்ட் தட்டணுமாம். அது எப்படி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே ஒரு தடவை எழுதிவிடுவோம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். போகிறவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். போகாதவர்கள், அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

2025இல் பாடசாலை விடுமுறைக்கு உம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்தாவும் மச்சானும் தெம்பனிஸ் பக்கம் இருக்கிறார்கள். இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். ஆகவே பகலில் பஸ்ஸும் ரயிலும்தான் எங்களுக்குத் துணை. அந்த நாட்களில் நாங்கள் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அங்கே பயண அட்டையில் இரண்டு வகை இருக்கிறது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம், உங்கள் காசு எங்கே இருக்கிறது என்பதில்தான்.

ஒரு வகையில் காசு அட்டைக்குள்ளேயே இருக்கிறது. அட்டைக்குள் உள்ள சின்னச் சிப்பில் "இவ்வளவு டாலர் மிச்சம்" என்று எழுதியிருக்கும். தட்டும்போது பஸ்ஸில் உள்ள மெஷின் அந்த எண்ணை வாசித்து, கழித்து, புதிய எண்ணைத் திரும்ப எழுதும். 2002இல் வந்த ஈஸி-லிங்க் அட்டை இந்த முறையில்தான் தொடங்கியது. இதை ஒரு காசுப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வகையில் காசு அட்டைக்குள் இல்லை. வங்கியில் இருப்பதுபோல ஒரு கணக்கில் இருக்கிறது. அட்டை அந்தக் கணக்கின் இலக்கத்தை மட்டும் சொல்லும். நீங்கள் தட்டிவிட்டுப் போனபிறகு, பின்னால் உள்ள கணினி பயணத்தைக் கணக்குப் பார்த்துக் காசைக் கழிக்கும். இதற்குப் பெயர் சிம்ப்ளிகோ. இதை ஒரு வங்கிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது? பஸ்ஸில் தட்டும்போது மெஷினின் திரையைப் பாருங்கள். மிச்சக் காசு எண்ணாகத் தெரிந்தால் காசு அட்டைக்குள் இருக்கிறது. எண் ஒன்றும் தெரியாமல், பச்சை மட்டும் எரிந்து "போங்கள்" என்கிற மாதிரி இருந்தால் காசு கணக்கில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் சின்னப் பிரச்சினை தொடங்கியதும் இந்த இடத்தில்தான்.

ராத்தா உம்மாவுக்குக் கொடுத்தது கணக்கு வகை அட்டை. தன்னுடைய போனில் உள்ள செயலியில் அதைப் பதிந்தும் வைத்திருந்தார். உம்மாவுக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் எங்களிடம் கேட்டார்.

"இப்ப எவளவு வெட்டினான்? எவளவு மிச்சம்?"

"அது ராத்தாட போன்லதான் பாக்கணும் உம்மா."

"என்ட காசு எவளவு இருக்குன்னு நான் அவட போன்லயா பாக்கணும்?"

உம்மா சொன்னது சின்ன விஷயம் இல்லை. வாப்பா மௌத்தான பிறகு வீட்டுச் செலவைக் கையிலேயே வைத்துக் கணக்குப் பார்த்து வந்தவர் அவர். ஊரில் பஸ்ஸில் ஐந்து ரூபாய் மிச்சம் தராவிட்டாலும் கொண்டக்டரிடம் கேட்டு வாங்குகிறவர். அவருக்கு மிச்சம் தெரியாமல் பயணம் போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவது மாதிரி.

இந்தக் கேள்வியை உம்மா மட்டும் கேட்கவில்லை. 2024 ஜனவரியில் சிங்கப்பூரின் தரைப் போக்குவரத்து ஆணையம், காசு சிப்பில் இருக்கும் பழைய முறையை அந்த ஆண்டு ஜூன் 1ஆம் திகதியுடன் பெரியவர்களுக்கு நிறுத்தி, அவர்களைக் கணக்கு முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. மக்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரியாது என்பதே அவர்களின் முக்கியமான முறைப்பாடு. இரண்டு கிழமைக்குள், ஜனவரி 22ஆம் திகதி, அரசாங்கம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பழைய முறையையும் தொடர்ந்து நடத்துவதற்கு மேலதிகமாக 40 மில்லியன் டாலர் செலவாகும் என்றும் சொன்னது. உம்மா கேட்ட கேள்வியின் பெறுமதி அவ்வளவு.

கணக்கு முறையில் திரையில் ஏன் காட்டுவதில்லை? மிச்சம் எவ்வளவு என்பது அந்த மெஷினுக்கே தெரியாது. பின்னால் உள்ள கணினியிடம் கேட்டு வாங்கித்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சில வினாடிகள் போகும். காலை நேரத்தில் ரயில் நிலைய வாசலில் ஒவ்வொருவருக்கும் அந்த வினாடிகள் சேர்ந்தால் வரிசை பின்னால் நீண்டுவிடும். சிப்பில் காசு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எண் அட்டையிலேயே இருப்பதால் தட்டிய உடனே தெரிகிறது.

இனி, ஒரு பயணத்துக்கு எவ்வளவு கழிகிறது என்று பார்ப்போம்.

அங்கே கட்டணம் தூரத்துக்குத்தான். நாங்கள் போயிருந்த நேரம், பெரியவர் ஒருவர் அட்டையில் 3.2 கிலோமீற்றர் வரை போனால் 1 டாலர் 19 சதம். அதற்கு மேலே தூரம் கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முதியோருக்குச் சலுகை உண்டு, ஆனால் அது அங்கே வசிப்பவர்களுக்கு. எங்கள் உம்மா மாதிரி பார்க்கப் போகிறவர்கள் பெரியவர் கட்டணம்தான் கொடுக்க வேண்டும்.

தூரம் தெரிய வேண்டுமென்றால் ஏறிய இடமும் தெரிய வேண்டும், இறங்கிய இடமும் தெரிய வேண்டும். அதனால்தான் பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் தட்ட வேண்டும். நம்மவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இறங்கும்போது தட்டுவதைத்தான். ரயிலில் அந்தப் பயம் குறைவு, தட்டாவிட்டால் வெளிக்கதவு திறக்காது. பஸ்ஸில் கதவு திறந்தே இருக்கும். கையில் பை, பக்கத்தில் பிள்ளை, அப்படியே இறங்கிவிடுவோம்.

தட்டாமல் இறங்கினால் என்ன நடக்கும்? ஏறும்போது தட்டிய உடனே, நீங்கள் அந்த பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் வரை போவீர்கள் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். சிப் வகை அட்டையில் அந்த முழுக் கட்டணத்தையும் அப்போதே கழித்துவிடும். இறங்கும்போது தட்டினால், போகாத தூரத்துக்கு உரிய காசைத் திருப்பி எழுதும். அட்டையில் 6 டாலர் 40 சதம் இருக்கிறது என்று வைப்போம். நீங்கள் ஏறிய இடத்திலிருந்து கடைசித் தரிப்பிடம் வரை கட்டணம் 2 டாலர் என்றும் வைப்போம். ஏறியதும் மிச்சம் 4.40 ஆகிவிடும். மூன்று கிலோமீற்றரில் இறங்கித் தட்டினால், நாங்கள் போயிருந்த நேரத்துக் கணக்குப்படி உங்கள் உண்மையான கட்டணம் 1.19. ஆகவே 81 சதம் திரும்பி வந்து மிச்சம் 5.21 ஆகும். தட்டாமல் இறங்கினால் 4.40 அப்படியே நிற்கும். அந்த 81 சதம் போனது போனதுதான்.

"ஏறின உடனே ரெண்டு டாலர் வெட்டிட்டான்" என்று நம்மவர்கள் பதறுவது இதனால்தான். அது களவு இல்லை. முன்கூட்டிப் பிடித்துவைக்கும் காசு. இறங்கும்போது தட்டி அதை வாங்கிக்கொள்வது நம் வேலை. நாங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்தோம். இறங்கும் இடத்துக்கு முன் மணி அடித்ததும் கார்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். பஸ் முழுதாக நின்றபிறகு தட்ட வேண்டும். தட்டியதற்கு அடையாளமாக ஒலி கேட்ட பிறகுதான் படியில் கால் வைக்க வேண்டும். சின்னவள் அந்த ஒலிக்குக் காவல்காரியாகவே ஆகிவிட்டாள்.

இறங்கும்போது தட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராத்தா வீட்டுக்கு முன்னால் இருந்து தெம்பனிஸ் ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறி பூகிஸில் இறங்கினால், அதை இரண்டு பயணமாகக் கணக்கெடுப்பதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கித் தட்டிய நேரத்திலிருந்து 45 நிமிடத்துக்குள் ரயிலுக்குள் தட்டினால், இரண்டு தூரத்தையும் கூட்டி ஒரே கட்டணம் எடுக்கும். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆரம்பக் கட்டணம் புதிதாக வராது. மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஐந்து தடவை வரை இப்படி மாறலாம். பஸ்ஸில் இறங்கும்போது தட்டாவிட்டால் அந்தத் தொடர் அறுந்துவிடும். கடைசித் தரிப்பிடம் வரையான பஸ் கட்டணமும் போகும், ரயிலுக்கும் முதலிலிருந்து கணக்குத் தொடங்கும். அதே இலக்க பஸ்ஸில் இறங்கித் திரும்ப ஏறினாலும் தொடர் சேராது, அது புதுப் பயணம்.

ஆளுக்கொரு அட்டை வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரே அட்டையை உம்மாவுக்கும் தட்டி எங்களுக்கும் தட்டினால், இரண்டாவது தட்டலை "இறங்கிவிட்டார்" என்றுதான் மெஷின் எடுக்கும்.

அட்டைகளைக் கலந்து வைப்பதிலும் கவனம் தேவை. அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் தொட்டுக் கட்டும் வீசா, மாஸ்டர் வங்கி அட்டைகளும் வேலை செய்யும். நம் நாட்டு வங்கி அட்டையும் அதே பர்ஸில் இருந்து, பர்ஸோடு சேர்த்துத் தட்டினால், மெஷின் எதை வாசிக்கும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது பயண அட்டையும் இறங்கும்போது வங்கி அட்டையும் பட்டுவிட்டால், இரண்டிலும் முடியாத பயணம் ஒன்று பதிவாகும், இரண்டிலும் கூடுதலாகக் கழியும். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் பாவிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சதம் தனிக் கட்டணமும் சேரும். வங்கி மாற்று விகிதத்தில் எடுப்பது வேறு. ஆகவே பயண அட்டையைத் தனியே ஒரு உறையில் போட்டுக் கழுத்திலோ கையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காசு போடுவது. நம் ஊரில் போனுக்கு ரீலோட் போடுவோமே, அதே மாதிரி. இங்கேயும் காசு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை நடக்கும்.

சிப் வகை என்றால் காசு அட்டைக்குள் எழுதப்பட வேண்டும். ஆகவே அட்டை அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். ரயில் நிலையத்தில் உள்ள மெஷினில் அட்டையை வைத்து, காசைக் கட்டி, முடிந்தது என்று திரை சொல்லும்வரை அட்டையை அசைக்கக் கூடாது. அவசரத்தில் முன்பே எடுத்தால் காசு கட்டுப்பட்டு, அட்டையில் ஏறாமல் நடுவில் நிற்கலாம். அப்படி நடந்தால் உடனே இரண்டாம் தடவை காசு கட்டாதீர்கள். முதலில் அட்டையைத் திரும்ப மெஷினில் வைத்து மிச்சத்தைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் துண்டுச் சீட்டோடும் அட்டையோடும் நிலையத்தில் உள்ள டிக்கட் கவுண்டருக்குப் போங்கள். வங்கியில் கழிந்த நேரத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் பேசுவது லேசு.

கணக்கு வகை என்றால் அட்டை பக்கத்தில் இருக்கவே தேவையில்லை. காசு கணக்குக்குத்தான் போகிறது. ஒரு நாள் நாங்கள் லிட்டில் இந்தியாவில் நிற்கும்போது உம்மாவின் அட்டையில் காசு முடிந்துவிட்டது. ராத்தா வேலைத்தலத்தில் இருந்தபடியே தன் போனில் 10 டாலர் போட்டார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் ரயிலுக்குள் போனோம். மொழி தெரியாத, மெஷின் பழக்கமில்லாத பெற்றோருக்குப் பிள்ளை தூரத்தில் இருந்தே காசு போடலாம் என்பது பெரிய நிம்மதிதான். அன்றைக்கு உம்மாவும் அதை ஒத்துக்கொண்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அட்டை தொலைந்தால் என்ன செய்வது?

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் அங்கே வேலை செய்கிறார். சம்பளம் கிடைத்த அன்று, மாதத்துக்குப் போதுமாக இருக்கட்டும் என்று சிப் வகை அட்டையில் 40 டாலர் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் அட்டை எங்கேயோ விழுந்துவிட்டது. நம் காசுக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். வீட்டுக்கு அனுப்ப எண்ணி வைக்கிறவருக்கு அது பெரிய தொகை. கவுண்டரில் போய்க் கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் பதில்.

அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் காரணத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த அட்டையில் பெயர் இல்லை. அது யாருடையது என்று காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காசும் அந்தச் சிப்புக்குள்தான் இருக்கிறது. கண்டெடுத்தவர் தட்டினால் பஸ் மெஷின் சிப்பைத்தான் கேட்கும், ஆளைக் கேட்காது. ரோட்டில் விழுந்த தாள் காசுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

எங்கள் உம்மாவுக்கும் அதே மாதிரி நடந்தது. தேக்கா மார்க்கட்டில் மீன் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், கைப்பையிலிருந்து அட்டை விழுந்துவிட்டது. ரயில் நிலைய வாசலில்தான் தெரிந்தது. ஆனால் இது கணக்கு வகை, ராத்தா முன்பே செயலியில் பதிந்து வைத்த அட்டை. நாங்கள் ராத்தாவுக்குப் போன் எடுத்தோம். அவர் செயலியைத் திறந்து, அட்டைகளின் பட்டியலில் உம்மாவின் அட்டையைத் தெரிவுசெய்து, அதை முடக்கினார். கடைசியாகப் பதிவான பயணம் காலையில் நாங்கள் வந்த பயணம்தான், அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. மிச்சம் 11 டாலர் 60 சதம் கணக்கில் அப்படியே இருந்தது. அதைத் திருப்பித் தரும்படி விண்ணப்பித்தார், சில நாட்களில் வந்து சேர்ந்தது.

வராமல் போனது 5 டாலர். புது ஈஸி-லிங்க் அட்டை 10 டாலருக்கு வாங்கினால் அதில் 5 டாலர்தான் பயணக் காசு, மற்ற 5 டாலர் அட்டையின் விலை. அந்த விலை எப்போதும் திரும்பாது. தொலைந்தாலும் இல்லை, ஊருக்கு வரும்போது அட்டையை ஒப்படைத்தாலும் இல்லை.

இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பி கவனமில்லாதவர், உம்மா கவனமானவர் என்பதில்லை. இரண்டு பேருக்கும் கையிலிருந்துதான் விழுந்தது. உம்மாவின் காசைக் காப்பாற்றியது, தொலைவதற்கு முன்பே செய்து வைத்த பதிவு. கணக்கு வகை அட்டையாக இருந்தாலும், யாருடைய செயலியிலும் பதியாமல் வைத்திருந்தால் "இது என் அட்டை" என்று சொல்லி முடக்க வழியில்லை. பதிவதற்கு அட்டையில் அச்சடித்துள்ள 16 இலக்க எண் வேண்டும். அட்டை தொலைந்த பிறகு அந்த எண்ணை எங்கே தேடுவது? ஆகவே வாங்கிய அன்றே பதியுங்கள், அட்டையின் படத்தையும் போனில் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தைக் குடும்பக் குழுமத்தில் எல்லோருக்கும் பகிரத் தேவையில்லை.

முடக்குவதில் தாமதம் கூடாது. முடக்குவதற்கு முன் யாராவது தட்டிப் போன பயணத்துக்கு உங்கள் காசுதான் கழியும். "வீட்டுக்குப் போய்ப் பைக்குள் தேடிப் பார்ப்போம்" என்று நினைக்காமல், முதலில் முடக்கிவிட்டுத் தேடுவது நல்லது.

அட்டை தொலையாமல் பழுதாகிவிட்டால் கதை வேறு. இதில் சிப் வகைக்காரருக்கும் நம்பிக்கை இருக்கிறது. தட்டினால் மெஷின் வாசிக்கவில்லை என்றால், உடனே பழுது என்று முடிவெடுக்காதீர்கள். உறையிலிருந்து அட்டையை வெளியே எடுத்து, வேறு அட்டை பக்கத்தில் இல்லாமல், தனியே தட்டிப் பாருங்கள். பிறகு நிலையத்தில் உள்ள டிக்கட் மெஷினில் வைத்துப் பாருங்கள். மெஷின் மிச்சத்தைக் காட்டினால் சிப் உயிரோடு இருக்கிறது. காசு குறைவாக இருந்திருக்கலாம், அல்லது அட்டையின் காலம் முடிந்திருக்கலாம். மெஷினும் ஒன்றும் காட்டாவிட்டால்தான் சிப் செத்துவிட்டது என்று அர்த்தம். பின் பொக்கட்டில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து வளைவது, உடுப்போடு சேர்த்து மெஷினில் கழுவுவது, துளை போட்டு நூல் கோர்ப்பது, இவையெல்லாம் சிப்பையோ அதைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பியையோ அறுத்துவிடும்.

செத்த சிப்பிலிருந்து மிச்சத்தை வாசிக்க முடியாது. அப்படியானால் எவ்வளவு இருந்தது என்று எப்படித் தெரியும்? நீங்கள் தட்டிய ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு ரயில் நிலையமும் அந்தப் பதிவை மத்திய கணினிக்கும் அனுப்புகின்றன. அட்டையின் எண்ணை வைத்துக் கடைசி மிச்சத்தை அங்கே கணக்கிடலாம். ஆனால் எல்லாப் பதிவும் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே நல்ல அட்டைக்குக் கவுண்டரில் அப்போதே தருகிற காசை, பழுதான அட்டைக்கு நாட்கள் கழித்துத்தான் தருவார்கள்.

இதிலிருந்து ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பழுதான அட்டையை எறியாதீர்கள், வெட்டாதீர்கள். தொலைந்த அட்டைக்கும் பழுதான அட்டைக்கும் உள்ள வித்தியாசமே அட்டை உங்கள் கையில் இருப்பதுதான். அந்த எண்ணைக் காட்டி "இது என்னுடையது" என்று நீங்கள் சொல்ல முடிகிறது. ஊருக்குத் திரும்ப மூன்று நாளே இருக்கும்போது பழுதானால், அங்கே இருக்கிற பிள்ளையின் பொறுப்பில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பழுதில்லாத அட்டையை ஊருக்கு வரும்முன் கவுண்டரில் கொடுத்து மிச்சக் காசை வாங்கலாம். ஆனால் சில டாலர்தான் இருந்தால் ராத்தா வீட்டு லாச்சியிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. பெயர் இல்லாத பெரியவர் அட்டையை அடுத்து வருகிறவர் பாவிக்கலாம், அவருக்குப் புது அட்டையின் 5 டாலர் மிச்சம். காலம் முடியும் திகதியை மட்டும் பார்த்து வையுங்கள். காலம் முடிந்த அட்டையிலும் காசைத் திரும்ப எடுக்கலாம், அதற்கு முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

அட்டை தொலைந்த அன்று இரவு ராத்தா உம்மாவிடம் கேட்டார்.

"இப்ப பாத்தீங்களா உம்மா? சிப்புல இருந்திருந்தா காசு முழுக்கப் போயிருக்கும். புதுசும் இதே மாதிரித்தான் எடுப்பமா?"

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு எண் தெரியிற கார்ட்டே எடுங்க மகள். ஆனா பத்து டாலருக்கு மேல போட வாணாம். விழுந்தா பத்தோட போகட்டும்."

நாங்கள் வாயடைத்துப் போனோம். சிப் அட்டை தொலைந்தால் இழப்பு, அந்த நேரம் அதில் இருக்கும் மிச்சம்தான். மிச்சத்தைச் சிறிதாக வைத்தால் இழப்பும் சிறிது. அதற்கு விலை, அடிக்கடி மெஷினுக்குப் போய்க் காசு போட வேண்டும். அது தனக்குக் கஷ்டமில்லை என்று உம்மா முடிவெடுத்தார். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் திரையைப் பார்த்து எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். எங்களிடம் அதன்பிறகு கேட்கவில்லை.

ஊர்த் தம்பி எதிர்ப்பக்கமாக முடிவெடுத்தார். அவருக்கு நாளுக்கு இரண்டு பயணம், ஓவர்டைம் முடிந்து வரும்போது மெஷினில் நிற்க நேரமில்லை, போன் எப்போதும் கையில். அவர் கணக்கு வகை அட்டை எடுத்து, அன்றே செயலியில் பதிந்துவிட்டார். மிச்சத்தைப் போனில் பார்த்துக்கொள்கிறார். இரண்டு பேருடைய முடிவும் அவரவருக்குச் சரிதான்.

நம் நாட்டு பஸ்களிலும் அட்டை பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. எந்த அட்டையை யார் உங்கள் கையில் தந்தாலும், அதில் காசு போடுவதற்கு முன் மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசு அட்டைக்குள் இருக்குமா, கணக்கில் இருக்குமா? மிச்சத்தை எங்கே பார்க்கலாம்? தொலைந்தால் யாரிடம் சொல்லி முடக்குவது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், உம்மா செய்த மாதிரிச் சின்னத் தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் போகிறவர்கள் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி, அட்டை எந்த வகை, யாருடைய போனில் பதிந்திருக்கிறது என்று கேட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். அங்கேயே இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் இதை வாசித்தால், கட்டணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.